பருவ இறுதி நன்றியுரை: வரைவைப் படித்துத் திருத்தம் சொல்லுங்கள்

சாரல் (இழையைத் தொடங்கியவர்) | ஏப்ரல் 3, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். உதகைக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் நடத்துகிறேன். உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாடம் இது. வேதியியல் மாணவரும் வணிகவியல் மாணவரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். பாடத்திட்டம் களப்பணிக்கு ஒதுக்குவது ஐந்து பாடவேளை அளவு மட்டுமே. என் மாணவர்களோ ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை பதின்மூன்று சனிக்கிழமைகள் என்னுடன் ஓர் ஊற்றுக்கு வந்தார்கள். ஊற்றிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயின் வாயில் பத்து லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று முறை அளந்து சராசரி எடுத்தோம். முதல் வாரம் 14 நொடி. கடைசி வாரம் 40 நொடி.

வரும் 11ஆம் தேதி பருவம் முடிகிறது. அன்று பெற்றோரும், அந்த ஊற்றை நம்பியிருக்கும் மலைக் கிராமமான ஹட்டியிலிருந்து சிலரும் வருகிறார்கள். மாணவர்களுக்கு நன்றி சொல்லி ஐந்து நிமிடம் பேச வேண்டும். வரைவின் முக்கியப் பகுதி இது:

"அன்பு மாணவர்களே, இந்தப் பருவம் முழுவதும் நாங்கள் கற்றுக்கொடுத்ததை நீங்கள் ஆர்வத்துடன் கற்றீர்கள். உறைபனி விழுந்த காலைகளிலும் வாளியும் கடிகாரமுமாக வந்து நின்றீர்கள். உங்கள் உழைப்பால் இந்த ஊற்றைப் பற்றி இரண்டு உண்மைகளை நாம் நிரூபித்திருக்கிறோம். கோடையில் அதன் நீர்வரத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதன் நீர் தூய்மையானது. உங்கள் ஒத்துழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் என் மனமார்ந்த நன்றி."

எழுதி முடித்த பிறகு எனக்கே நிறைவு இல்லை. எந்த வகுப்புக்கும் எந்த ஆண்டும் இதை வாசித்துவிடலாம் போலிருக்கிறது. எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

---

கொடை அந்தோணி | ஏப்ரல் 3, இரவு 10.02

வணக்கம் சார். நன்றியுரையில் வரிசைமுறை மிகவும் முக்கியம். முதலில் தலைமை ஏற்றவர், பிறகு சிறப்பு விருந்தினர், பிறகு நிர்வாகம், பிறகு பெற்றோர், ஒலிபெருக்கி அமைத்தவர், தேநீர் வழங்கியவர் என்று சொல்லி முடிக்க வேண்டும். உங்கள் வரைவில் விருந்தினர் பெயரே இல்லையே.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். பழனி மலையில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஓராண்டு நாற்பத்து மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் மேடையில் வாசித்தேன். ஒரு பையனின் பெயர் விடுபட்டுவிட்டது. அவன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவனுடைய அப்பா என்னிடம், "அவனும் எல்லா நாளும் வந்தானே சார்" என்றார். அந்தக் குரல் இன்றும் எனக்குக் கேட்கிறது. பெயர் வாசிப்பதானால் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

---

சாரல் | ஏப்ரல் 3, இரவு 10.20

நன்றி ஐயா. நான் தெளிவாகச் சொல்லவில்லை போலும். விழாவின் நன்றியுரையை வேறொருவர் சொல்கிறார். நான் பேசுவது மாணவர்களை நோக்கி மட்டுமே. பதிவேடு பற்றிய உங்கள் அறிவுரையை மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

---

சோலைக்குருவி | ஏப்ரல் 4, காலை 7.15

சார், உங்கள் மாணவர்கள் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். அதை அடக்கிச் சொல்லாதீர்கள். அந்த ஊற்றுக்கு மேலே யூகலிப்டஸ் எனும் கற்பூர மரத் தோப்பு இருக்கிறதா? இருந்தால் கதை முடிந்தது. "கற்பூர மரங்கள் ஊற்றை உறிஞ்சிவிட்டன என்பதை எங்கள் மாணவர்கள் எண்களோடு நிரூபித்துவிட்டார்கள்" என்று மேடையில் அறிவியுங்கள். மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய நன்றி வேறு என்ன இருக்க முடியும்? பதினான்கு நொடி எங்கே, நாற்பது நொடி எங்கே!

---

குன்னூர் வசந்தா | ஏப்ரல் 4, காலை 11.40

சோலைக்குருவி சொல்வதில் ஒரு பாதி சரி. க்ளென்மார்கனில் மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். மரம் நட்டதில் நீர்வரத்து முதல் பத்தாண்டுச் சுற்றில் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வெட்டிய பிறகு தழைத்த இரண்டாம் சுற்றில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது.

ஆனால் அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க மரம் இல்லாத ஒரு நீர்ப்பிடிப்பு இருந்தது. நட்டதற்கு முந்தைய ஆண்டுகளின் அளவும் இருந்தது. சாரல் அவர்களின் மாணவர்களிடம் இருப்பது ஓர் ஊற்று, ஒரு கோடை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்ச் வரை எந்த ஊற்றும் குறையத்தான் செய்யும், மேலே சோலை இருந்தாலும் குறையும். மாணவர்கள் காட்டாத ஒன்றைக் காட்டியதாக மேடையில் சொன்னால், அவர்கள் உண்மையாகச் செய்த வேலையை நாம் மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

நான் கேட்க வந்தது வேறு. "அதன் நீர் தூய்மையானது" என்று எழுதியிருக்கிறீர்கள். எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள்? இருபத்தாறு ஆண்டுகள் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த ஒரு வரி எனக்கு உறுத்துகிறது.

---

சாரல் | ஏப்ரல் 4, மாலை 4.30

அம்மா, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கறுப்பாகும் குப்பிச் சோதனையைச் செய்தோம். தொட்டிக் குழாயிலிருந்து நீரைக் குறியளவு வரை குப்பியில் நிரப்பி வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் ஒரு நாளில் கறுத்துவிடும். எட்டுக் குப்பிகள் இருந்தன. ஆறு ஆய்வக அலமாரியில் வைக்கப்பட்டன. இருபத்து நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஆறிலும் நிற மாற்றம் இல்லை. "மாசு இல்லை" என்று பதிவேட்டில் எழுதினோம்.

மற்ற இரண்டையும் அந்த ஹட்டியைச் சேர்ந்த ஒரு மாணவி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவர் மறுநாள் ஒரு குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அது கறுத்திருந்தது. எங்கே வைத்தாய் என்று கேட்டேன். அடுப்புக்கு மேலே உள்ள பரணில் என்றார். வீட்டுச் சமையலறையில் மூடியைத் திறந்திருப்பாய், கை பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, அந்த முடிவுக்கு எதிரே "கையாளுதலில் பிழை" என்று எழுதினேன்.

---

குன்னூர் வசந்தா | ஏப்ரல் 4, மாலை 6.05

தம்பி, பிப்ரவரியில் உங்கள் ஆய்வக அலமாரியில் எத்தனை டிகிரி இருந்தது?

அந்தச் சோதனை 1982இல் நம் நாட்டு அறிவியலாளர்கள் உருவாக்கி, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டது. மலத்தோடு வரும் சில கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். குப்பியில் இருக்கும் இரும்பு உப்பு அதனோடு சேர்ந்து கறுக்கும். ஆனால் கிருமி முதலில் பெருக வேண்டும். அது பெருகுவதற்கு வெதுவெதுப்பு வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ மேசைமேல் வைத்தாலே முப்பது டிகிரி இருக்கிறது, ஒரு நாளில் முடிவு தெரிந்துவிடுகிறது. அந்த ஊர்க்காரர்களுக்காக அச்சிட்ட செய்முறைத் தாளை நாம் மலையில் அப்படியே பின்பற்றினால், நீர் கெட்டிருந்தாலும் குப்பி கறுக்காமல் நிற்கும். இருபது டிகிரிக்குக் கீழே இரண்டு மூன்று நாள், அதற்கு மேலும்கூட ஆகும்.

உங்கள் எட்டுக் குப்பிகளில் சரியான வெப்பத்தில் இருந்தவை அந்தப் பெண் பரணில் வைத்தவை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை பட்டிருக்கும் என்ற உங்கள் ஐயமும் நியாயமானதே. அதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. கொதிக்கவைத்து ஆறிய நீரை இன்னொரு குப்பியில் ஊற்றி, அதே பரணில், அதே கையால் வைத்திருக்க வேண்டும். அதுவும் கறுத்தால் கையின் பிழை. கறுக்காவிட்டால் நீரின் பிழை. அவர் இரண்டு குப்பி எடுத்துப்போனார் என்கிறீர்கள். இரண்டாவது என்ன ஆயிற்று?

---

சாரல் | ஏப்ரல் 5, காலை 10.50

இரவு தூக்கம் வரவில்லை. காலையில் கல்லூரிக்குப் போய் அந்த மாணவியின் களக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கறுத்த குப்பியைப் பற்றிய பக்கத்தில் என் கையொப்பமும் சிவப்பு மையில் "பிழை" என்ற குறிப்பும் இருக்கின்றன. அடுத்த பக்கத்தை நான் திருப்பியதே இல்லை. அதில் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "இரண்டாம் குப்பி. கொதித்து ஆறிய நீர். அதே பரண். 24 மணி, 48 மணி. நிறம் மாறவில்லை."

ஒப்பீட்டுக் குப்பி வைக்க வேண்டும் என்று முதல் வாரத்தில் நான்தான் வகுப்பில் சொன்னேன். எங்கள் ஆறு குப்பிகளில் நான் அதைச் செய்யவில்லை. அவர் செய்திருக்கிறார். ஆய்வக வெப்பமானியின் அந்த வாரப் பதிவையும் பார்த்தேன். காலை 11 டிகிரி, நண்பகல் 17 டிகிரி. அலமாரிக் குப்பிகளை இரண்டாம் நாளே கழுவிவிட்டோம். எனவே அவற்றைத் திரும்பப் பார்க்க வழியில்லை.

ஊர் மக்கள் இரண்டு மாதங்களாக, "காலேஜ் சார் சோதித்துவிட்டார், நல்ல தண்ணீர்" என்று நம்பிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றியுரையைப் பற்றிக் கேட்க வந்த நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

---

குன்னூர் வசந்தா | ஏப்ரல் 5, காலை 11.30

பதறாதீர்கள், ஆனால் நாளை தள்ளாதீர்கள். இன்றே மறுசோதனை செய்யுங்கள். தெர்மோகோல் பெட்டியில் குப்பிகளை நிறுத்தி, நடுவில் சூடான நீர் நிரப்பிய புட்டி ஒன்றை வையுங்கள். நாலைந்து மணிக்கு ஒரு முறை அந்தப் புட்டியை மாற்றுங்கள். உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். முப்பதுக்கும் முப்பத்தேழுக்கும் இடையில் இருந்தால் போதும். ஊற்றுக்கண்ணில் இரண்டு, தொட்டிக் குழாயில் இரண்டு, கொதித்து ஆறிய நீரில் ஒன்று என்று வையுங்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள், போட்டிருந்தால் முடிவுக்குப் பொருள் இல்லை.

குப்பி கறுத்தாலும் அதுவே தீர்ப்பு ஆகாது. மலத்தோடு தொடர்பில்லாத சில மண் கிருமிகளும் கறுக்கச் செய்யும். கறுத்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி கொடுங்கள். கிருமி நீக்கிய புட்டியில், பனிக்கட்டியோடு, எடுத்த அன்றே போய்ச் சேர வேண்டும். 100 மில்லி நீரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் இந்தியத் தரம்.

முடிவு வரும்வரை நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதுவும் கிருமியைக் கொல்லப் போதும், ஆனால் கொதி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்லுங்கள்.

---

தமிழாசிரியர் (ஓய்வு) | ஏப்ரல் 5, மாலை 5.15

அறிவியல் எனக்குத் தெரியாது. உரையின் மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இந்த உரையின் சிக்கல் முழுவதும் அதன் எழுவாய்களில் இருக்கிறது.

தம்பி, உங்கள் வரைவைத் திரும்பப் படியுங்கள். "நாங்கள் கற்றுக்கொடுத்ததை நீங்கள் கற்றீர்கள்" என்கிறீர்கள். தமிழில் "நாங்கள்" என்றால் எதிரே அமர்ந்திருப்பவர் அதில் இல்லை. பதின்மூன்று சனிக்கிழமை உங்களோடு குளிரில் நின்ற பிள்ளைகளை முதல் வாக்கியத்திலேயே வெளியே நிறுத்திவிட்டீர்கள். வாளியைப் பிடித்ததும் நொடியை எண்ணியதும் "நாம்" செய்தவை. அங்கே "நாம் அளந்தோம்" என்று வரட்டும்.

ஆனால் இப்போது வெளிவந்திருக்கும் செய்தியைச் சொல்லும்போது இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். "நாம் தவறாக முடிவு செய்துவிட்டோம்" என்று சொல்ல நாக்கு தானாகவே விரும்பும். அது கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் அந்த "நாம்" உங்கள் தவறை நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும், சரியாகச் செய்த அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து. "தவறு நடந்துவிட்டது" என்றும் சொல்லாதீர்கள். அதில் ஆளே இல்லை. "நான் எழுதினேன், நான் பக்கத்தைத் திருப்பவில்லை" என்று தன்மை ஒருமையில் சொல்லுங்கள்.

"மனமார்ந்த நன்றி", "ஒத்துழைப்பு", "ஒழுக்கம்" மூன்றையும் எடுத்துவிடுங்கள். யார் என்ன செய்தார் என்று சொன்னாலே நன்றி விளங்கிவிடும்.

---

பெள்ளி | ஏப்ரல் 6, காலை 8.20

நான் ஹட்டியில் பிறந்து வளர்ந்தவன், உங்கள் மாணவியின் ஊர் அல்ல, வேறு ஊர். ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் ஊற்று என்பது வெறும் தண்ணீர் இல்லை. அதை ஊரே காத்து வந்திருக்கிறது, கண்ணுக்கருகில் செருப்போடு யாரும் போக மாட்டோம். அந்த நீர் கெட்டிருக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்கள் கல்லூரி மேடையில், வெளியாட்கள் நடுவில் உட்கார்ந்து முதன்முதலாகக் கேட்கக் கூடாது. அதற்கு முன்பே நீங்கள் ஊருக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை மேடையில் சொல்வதைப் பற்றியும் யோசியுங்கள். உங்களுக்கு அது பாராட்டு. ஊரில் ஒருவர், "நம் ஊற்றைக் குறை சொன்னவள்" என்று எடுத்துக்கொண்டால் அவள்தான் அங்கே வாழ வேண்டும். அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

---

சோலைக்குருவி | ஏப்ரல் 6, காலை 9.05

வசந்தா அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு கோடையை வைத்து மரத்தின்மேல் பழி போட முடியாதுதான். ஆனால் பெள்ளி அண்ணனோடு உடன்பட முடியவில்லை. பெயரைச் சொல்லாமல் "ஒரு மாணவி" என்று நன்றி சொன்னால், இரண்டாம் முறையாக அவரை மறைப்பது போல் ஆகாதா? முதல் முறை சிவப்பு மையால் மறைத்தாயிற்று.

---

சாரல் | ஏப்ரல் 7, இரவு 9.40

மறுசோதனை முடிந்தது. தொட்டியில் மருந்து எதுவும் போடவில்லை என்று ஊரில் உறுதி செய்துகொண்டோம். ஐந்து மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு இரவு முழுவதும் சூடான புட்டியை மாற்றினார்கள். பெட்டிக்குள் 31 முதல் 36 டிகிரி வரை இருந்தது. தொட்டிக் குழாய் நீர் வைத்த இரண்டு குப்பிகளும் 22 மணி நேரத்தில் கறுத்துவிட்டன. கொதித்து ஆறிய நீர் மாறவில்லை. ஊற்றுக்கண் நீரில் 24 மணி நேரம் வரை ஒன்றும் இல்லை. 46ஆம் மணியில் ஒரு குப்பி மட்டும் அடியில் கறுக்கத் தொடங்கியது.

இன்று மாலை மாணவியோடும் அவருடைய அப்பாவோடும் ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தவறாகச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி, "அப்போ கொதிக்கவெச்சுக் குடிக்கணும், அவ்வளவுதானே, முன்னாடியே இவ சொன்னாளே" என்றார். பிப்ரவரியிலேயே அந்த மாணவி தன் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் கொதிக்கவைக்கச் சொல்லியிருக்கிறார். நான் பிழை என்று எழுதிய பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை.

மாதிரி வாரிய ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. 11ஆம் தேதிக்குள் முடிவு வருமா என்று உறுதியில்லை.

---

குன்னூர் வசந்தா | ஏப்ரல் 7, இரவு 10.15

நல்லது செய்தீர்கள். ஊற்றுக்கண் குப்பி மெதுவாகக் கறுத்ததை வைத்து, கிருமி குறைவு என்றோ, ஊற்று நல்லது, தொட்டிதான் கெட்டது என்றோ இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அந்தக் குப்பி இருக்கிறது, இல்லை என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. 46 மணியில் கறுத்தது மண்ணிலிருந்து வந்த கிருமியாகவும் இருக்கலாம். தொட்டியின் மூடி எப்படி இருக்கிறது, கால்நடை பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

---

சாரல் | ஏப்ரல் 9, இரவு 8.55

திருத்திய உரையை இங்கே வைக்கிறேன். பெயர் வர வேண்டிய இடத்தில் கோடிட்டிருக்கிறேன். மாணவியைக் கேட்டேன். "சொல்லுங்கள் சார், ஆனால் என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், புட்டி மாற்றின ஐந்து பேரையும் சொல்லுங்கள்" என்றார்.

"அன்பு மாணவர்களே,

ஜனவரி முதல் சனிக்கிழமை நாம் ஊற்றுக்குப் போனபோது புல்லின்மேல் உறைபனி வெள்ளையாக இருந்தது. வாளியைப் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போனது. அன்று பத்து லிட்டர் நிரம்ப 14 நொடி ஆனது. மார்ச் கடைசியில் 40 நொடி ஆனது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் பதினொரு சனிக்கிழமைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூட விடுபடவில்லை. மதிப்பெண் ஐந்து பாடவேளைக்கு மட்டுமே என்று தெரிந்தும் நீங்கள் வந்தீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

நீர்வரத்து ஏன் குறைந்தது என்று நமக்குத் தெரியாது. மழை நின்றதாலா, மேலே இருக்கும் மரங்களாலா என்று சொல்ல அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் யாராவது அளக்க வேண்டும். நீங்கள் எழுதிய பதிவேடு அவர்களுக்கு முதல் பக்கமாக இருக்கும்.

இனி நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஆறு குப்பிகளை 11 டிகிரி குளிரில் வைத்துவிட்டு, அவை கறுக்கவில்லை என்பதால் நீர் நல்லது என்று நான் எழுதினேன். ______ தன் வீட்டு அடுப்புப் பரணில் வைத்த குப்பி கறுத்தது. அதைப் பிழை என்றும் நான் எழுதினேன். அவர் கொதித்து ஆறிய நீரில் இன்னொரு குப்பி வைத்து, அது மாறவில்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. ஆசிரியர் பிழை என்று எழுதிய பிறகும் அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, திருத்தவில்லை, வீட்டில் நீரைக் கொதிக்கவைப்பதை நிறுத்தவும் இல்லை. ______, அந்தப் பக்கத்துக்காக உங்களுக்கு நன்றி.

மறுசோதனை நடந்த இரவு ______, ______, ______, ______, ______ ஆகிய ஐவரும் சூடான நீர்ப் புட்டியை மாற்ற விழித்திருந்தார்கள். அவர்களுக்கு நன்றி. எங்கள் தவறைக் கேட்டுக்கொண்டு எங்களுக்குத் தேநீர் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கும் நன்றி.

'பிழை' என்ற சொல்லை இன்று காலை அந்தக் குறிப்பேட்டில் அடித்துவிட்டேன். அதன் அருகில் என் பெயரும் தேதியும் இருக்கின்றன."

---

தமிழாசிரியர் (ஓய்வு) | ஏப்ரல் 10, காலை 7.30

"எங்கள் தவறைக் கேட்டுக்கொண்டு" என்று ஓரிடத்தில் இருக்கிறது. "என் தவறை" என்று மாற்றுங்கள், தேநீர் மட்டும் "எங்களுக்கு" ஆகட்டும். மற்றபடி ஒரு சொல்லும் தொட வேண்டாம். உரையின் நடுவில் அந்தப் பெண்ணை "நீங்கள்" என்று விளித்திருப்பது சரி. வகுப்பில் ஒருமையில் அழைத்திருந்தாலும் மேடையில் இது வேண்டும்.

---

கொடை அந்தோணி | ஏப்ரல் 10, காலை 8.10

சார், ஆறு பேரைப் பெயர் சொன்னால் மீதிப் பேர் என்ன நினைப்பார்கள்? எனக்கு அந்தப் பையனின் அப்பா நினைவுதான் வருகிறது. வாளி பிடித்தவர், நொடி எண்ணியவர், எழுதியவர் என்று வேலைவாரியாக எல்லாப் பெயரையும் அச்சிட்டு, அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பதிவேட்டைப் பார்த்து ஒட்டுங்கள்.

---

சாரல் | ஏப்ரல் 12, மாலை 5.20

நேற்று பேசினேன். ஐயா சொன்ன திருத்தத்தைச் செய்தேன். அந்தோணி சார் சொன்னபடி, அளவெடுத்த நாளும் வேலையும் பெயருமாக ஒரு பட்டியலை வாசலில் ஒட்டினோம். பெற்றோர் பலர் அதன் முன்னே நின்று தங்கள் பிள்ளையின் பெயரைத் தேடினார்கள். உரையின்போது அந்த மாணவி தலை நிமிரவில்லை. முடிந்ததும் வந்து, அடுத்த பருவம் பாடம் இல்லாவிட்டாலும் ஊற்றை அளக்க வாளியைக் கல்லூரியில் தருவீர்களா என்று கேட்டார். தந்துவிட்டேன்.

சக ஆசிரியர் ஒருவர், ஆய்வக முடிவு வராமல் மேடையில் நீரைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று கருதுகிறார். அவர் சொல்வது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வரியை விட்டுவிட்டு நன்றி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

---

குன்னூர் வசந்தா | ஏப்ரல் 12, மாலை 6.45

முடிவு எப்படி வந்தாலும் இது ஒரு நாள் மாதிரி மட்டுமே. கோடை மழை முதலில் பலமாகப் பெய்யும் நாளுக்கு முன்பு ஒரு மாதிரி, பெய்த மறுநாள் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கழிவுக் குழியிலிருந்தோ தொழுவத்திலிருந்தோ கசிவு இருந்தால் அப்போதுதான் வெளிப்படும். ஊற்றுக்கண்ணிலும் தொட்டியிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். வாளியோடு வெப்பமானி ஒன்றையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். தெர்மோகோல் பெட்டி என் வீட்டில் நல்லதாக ஒன்று இருக்கிறது, குன்னூர் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.